ஏரி வேலை: 5ஆம் வார அறிக்கை (செப்டம்பர் 8 முதல் 13 வரை)

வணக்கம் அண்ணா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வாரம் நிலைமை மஞ்சள், அதாவது கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது. தூர் வாருவதில் இரண்டு நாள் பின்தங்கியிருக்கிறோம், அதை எட்டிப் பிடித்துவிடலாம். வரத்து வாய்க்காலில்தான் சிக்கல். அதற்கு புதன்கிழமைக்குள் உங்கள் முடிவு வேண்டும்.

நடந்தது

ஹிட்டாச்சி இந்த வாரம் 50 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும், 34தான் ஓடியது. செவ்வாய் ராத்திரி பெய்த மழையில் ஏரியின் வடக்குப் பக்கம் முழுக்கச் சேறாகி, புதன்கிழமை வண்டியை உள்ளே இறக்கவே முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்துவிட்டது, தருமபுரியிலிருந்து புது ஹோஸ் வந்து மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது (நின்ற நேரத்துக்கு வாடகை கொடுக்கவில்லை). மொத்தம் 260 மணி நேரத்தில் இதுவரை 168 முடிந்தது.

வண்டல் 212 லோடு போயிருக்கிறது, எல்லாம் ஊர்க்காரர்களின் சொந்த டிராக்டரில். யார் எத்தனை நடை எடுத்தார்கள் என்று நோட்டில் கையெழுத்தோடு இருக்கிறது, நீங்கள் வரும்போது பார்க்கலாம். கரையில் இருந்த சீமைக் கருவேலம் வேரோடு எடுத்தாயிற்று.

சிக்கல்

போன வாரம் வாய்க்கால் 1.8 கிலோமீட்டரும் பிரச்சினை இல்லை என்று எழுதியிருந்தேன். அது என் தப்பு. நான் தார் ரோடு வரைக்கும்தான் நடந்து பார்த்தேன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 1.3 கிலோமீட்டர் சுத்தம் செய்துவிட்டோம், மீதி 500 மீட்டரில் 90 மீட்டருக்கு வாய்க்காலே இல்லை, தக்காளித் தோட்டம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை சர்வேயர் வந்து புல வரைபடத்தை வைத்து அளந்தார். 4 மீட்டர் அகலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கோடு மாதிரி ஒரு பள்ளம், மற்றதெல்லாம் கொம்பு நட்டுக் கயிறு கட்டிய செடி.

தோட்டக்காரர் சண்டைக்கு வரவில்லை. அளந்த கல்லைப் பார்த்துவிட்டு, "வாய்க்கால் ஊருதுதான், நான் இல்லன்னு சொல்லல, இந்தக் காய மட்டும் பறிச்சுக்கறேன்" என்றார். செடியில் காய் பாதி சிவந்து நிற்கிறது, இப்போது ஜேசிபியை உள்ளே இறக்க எனக்கே மனசு வரவில்லை. நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு, மூன்று பறிப்பு கேட்கிறார். கணக்குப் பார்த்தால் 27ஆம் தேதி ஆகிவிடும். அதற்குள் பெரிய மழை பிடித்தால் தண்ணீர் ஏரிக்கு வராமல் ரோட்டோரமாகவே ஓடி வீணாகும், அந்த ஆபத்து இருக்கிறது.

பணமாக நஷ்டஈடு கொடுத்து உடனே வெட்டலாம் என்று ஒரு பேச்சு வந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் மேலே வரப்பைத் தள்ளிப் போட்டிருக்கும் இரண்டு பேரும் நாளைக்கே வந்து நிற்பார்கள். என் யோசனை இதுதான்: மூன்று பறிப்புக்கு விட்டுவிடலாம், அவரிடம் டிராக்டர் இல்லாததால் மேட்டு நிலத்துக்கு 40 லோடு வண்டலை நாமே கொண்டுபோய்க் கொட்டலாம். லோடுக்கு 300 ரூபாய் வாடகை, மொத்தம் 12,000. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கிக்கொள்கிறேன். சரி என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மதகு ஷட்டரின் திருகுக் கம்பி வளைந்திருக்கிறது. 20,000 போட்டிருந்தோம், பட்டறையில் 28,000 கேட்கிறார்கள். இதைக் குறைக்க வழியில்லை, முன்பணம் கொடுத்துவிட்டேன்.

கணக்கு

வந்தது 4,50,000. செலவு 4,05,500: ஹிட்டாச்சி 2,68,800, ஜேசிபி 55,200, கருவேலம் 60,000, மதகு முன்பணம் 10,000, சில்லறை 11,500. கையில் 44,500. அடுத்த வாரத்துக்கு ஹிட்டாச்சி 80,000, மதகு பாக்கி 18,000, நீங்கள் சம்மதித்தால் அந்த 12,000, ஆக 1,10,000 வேண்டும். அடுத்த தவணை 1,50,000 வியாழனுக்குள் வந்தால் வண்டி நிற்காது.

அடுத்த வாரம்

திங்கள் முதல் ஹிட்டாச்சி தெற்குப் பக்கம், அங்கே தரை காய்ந்திருக்கிறது. தோட்டத்தை விட்டுவிட்டு மீதி 410 மீட்டர் வாய்க்காலை ஜேசிபி வெட்டும். வெள்ளிக்கிழமை ஷட்டர் மாட்டுகிறார்கள். வண்டல் எடுக்க வட்டாட்சியர் கொடுத்த அனுமதி 30ஆம் தேதியோடு முடிகிறது, மீதி 92 மணி நேரம் இரண்டு வாரத்தில் ஓடிவிடும் என்றாலும் இன்னொரு மழை வந்தால் இழுக்கும், அதனால் நீட்டிப்புக்குத் திங்கட்கிழமையே மனு கொடுத்துவிடுகிறேன்.

தோட்டம், ஷட்டர் இரண்டின் போட்டோவும் தனியாக அனுப்பியிருக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன் அண்ணா.