ஃபேஸ் கான்ட்ராஸ்ட்டில் கன்னத்துச் செல்லும் பாக்டீரியாவும்: 12 வினாடி வீடியோவுக்கான பிராம்ப்ட்

12 வினாடி நீளமுள்ள, வெட்டில்லாத ஒரே ஷாட். அகல வடிவம் 16:9, 1920 × 1080, வினாடிக்கு 24 ஃபிரேம். பள்ளி உயிரியல் பாடத்தின் தொடக்கத்தில் வரப்போகும் காட்சி இது. கன்னத்தின் உட்புறத்திலிருந்து சுரண்டியெடுத்த ஒரு செல்லும் அதைச் சுற்றியுள்ள வாய்ப் பாக்டீரியாக்களும் உயிரோடு, சாயம் ஏற்றப்படாமல், நுண்ணோக்கியில் தெரிவது போல இருக்க வேண்டும். முப்பரிமாண அனிமேஷன் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் நுண்ணோக்கியின் மேல் கேமராவைப் பொருத்திப் பதிவு செய்த, கொஞ்சம் சாதாரணமான, நேர்மையான பதிவு போல இருக்கட்டும்.

கருவி: ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கி, 100 மடங்கு ஆயில் இம்மர்ஷன் லென்ஸ். பார்வை நேர் மேலிருந்து, தட்டையாக. சாய்கோணமோ தொலைவு உணர்வோ கூடாது. கேமரா நகராது, சுழலாது, செல்லுக்குள் பாய்ந்து போகாது.

அளவு. திரையின் முழு அகலம் 120 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மைக்ரோமீட்டருக்கு 16 பிக்சல். எல்லாப் பொருளும் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். செல்லின் குறுக்களவு ஏறக்குறைய 60 மைக்ரோமீட்டர், ஆகவே அது திரையில் பாதி அகலத்தைப் பிடிக்கும். உட்கரு 9 மைக்ரோமீட்டர், சற்றே நீள்வட்டம், திரையில் ஏறத்தாழ 140 பிக்சல். உருண்டைப் பாக்டீரியா ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோமீட்டர், வெறும் 16 பிக்சல். பார்ப்பவருக்கு அவை சின்னப் புள்ளிகளாகவே தெரியட்டும், அதுதான் சரி. பாக்டீரியாவை உட்கரு அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினால் காட்சி மொத்தமும் பொய்யாகிவிடும். கோல் வடிவப் பாக்டீரியாக்கள் 2 முதல் 3 மைக்ரோமீட்டர் நீளம், அகலம் ஒன்றுக்கும் குறைவு. கால் மைக்ரோமீட்டருக்கும் நுணுக்கமான எதுவும் கூர்மையாகத் தெரியக் கூடாது. கசையிழைகளின் தடிமன் சுமார் 20 நானோமீட்டர்தான், இந்த லென்ஸில் அவை தெரியாது, வரையாதே. பாக்டீரியாவின் மேல் முட்களோ ரோமங்களோ பளபளப்போ வேண்டாம்.

செல் திரையின் நடுவிலிருந்து சற்று இடப்புறம் தள்ளி இருக்கும். வலப்புறம் மூன்றில் ஒரு பங்கு வெறும் திரவம். செல்லின் வடிவம் ஒழுங்கற்ற பலகோணம், மிகத் தட்டை, கசங்கிய பிளாஸ்டிக் தாள் போல. மேல் இடது ஓரம் ஒரு பக்கமாக மடிந்து கிடக்கிறது. அந்த மடிப்பு மெல்லிய இருண்ட கோடாகத் தெரியும். உட்கரு ஏறக்குறைய நடுவில், சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தைவிடக் கருமையாக. சைட்டோபிளாசம் முழுவதும் நுண்துகள்கள், சீராகத் தூவியது போல இல்லாமல் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அரிதாகவும். பாடநூல் படத்தில் வருவது போல வண்ண வண்ண உறுப்புகளைச் செல்லுக்குள் அடுக்காதே.

செல்லின் மேற்பரப்பில் 20 முதல் 30 உருண்டைப் பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கின்றன. சில ஜோடியாக, சில நான்கைந்து சேர்ந்த குட்டைச் சங்கிலியாக, பெரும்பாலானவை வலது ஓரத்தில் ஒரே கும்பலாக. இடப்பக்கம் கிட்டத்தட்ட காலி. சம இடைவெளியில் பரப்பினால் அச்சடித்த துணி மாதிரித் தெரியும், அது வேண்டாம்.

ஒளி கீழிருந்து, மாதிரியை ஊடுருவி வருகிறது. பக்கவாட்டு வெளிச்சமில்லை, நிழல் விழாது. பின்னணி நடுத்தரச் சாம்பல். பச்சை வடிகட்டி போட்டிருப்பதால் அதில் மிக லேசான பச்சைச் சாயல். நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு மயிரிழை வெளிச்சம் கூடுதல். ஃபோகஸில் உள்ள பாக்டீரியா கருமையாக, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஒளிவட்டம். செல்லின் விளிம்பிலும் அதே வட்டம், கொஞ்சம் அகலமாக. நியான் நிறங்கள், நீலப் பின்னணி, உள்ளிருந்து ஒளிரும் செல்கள், லென்ஸ் ஃப்ளேர், மிதக்கும் ஒளித்துகள்கள் எதுவும் கூடாது. சென்சாரில் படிந்த தூசியால் மேல் வலது மூலையில் ஒரு மங்கலான வட்டக் கறை இருக்கட்டும். மற்றவை நகர்ந்தாலும் அது இருந்த இடத்திலேயே நிற்கும். இருண்ட பகுதிகளில் மெல்லிய கேமரா இரைச்சல்.

ஃபோகஸின் ஆழம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதனால் எந்தக் கணத்திலும் எல்லாமே ஒன்றாகக் கூர்மையாக இருக்காது. ஃபோகஸுக்கு வெளியே போகும் பாக்டீரியா முதலில் நடுவில் வெளிறி, பிறகு மங்கிய வளையமாகிக் கரையும்.

அசைவுதான் இந்தக் காட்சியின் உயிர், அவசரமே வேண்டாம். செல் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கிறது, அசையாது, துடிக்காது, மூச்சு விடுவது போல விரியாது. அதன் மேல் ஒட்டிய பாக்டீரியாக்களும் அப்படியே. ஓரிரு சங்கிலிகளின் தளர்ந்த முனை மட்டும் நடுங்கலாம். வலப்புறத் திரவத்தில் மிதக்கும் ஏழெட்டு உருண்டைகள் பிரௌனியன் இயக்கத்தில் ஓயாமல் அதிரும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் சராசரியாக மூன்று பிக்சல், திசை ஒவ்வொரு முறையும் தற்செயல். ஒன்றின் அசைவுக்கும் மற்றொன்றின் அசைவுக்கும் தொடர்பில்லை, எல்லாம் ஒரே தாளத்தில் ஆடக் கூடாது. ஜோடியாக உள்ளவை கொஞ்சம் மந்தமாக அதிர்ந்தபடி மெல்லத் திரும்பும். இந்த அதிர்வோடு சேர்ந்து, கவர் கிளாஸின் ஓரத்தில் நீர் ஆவியாவதால் உண்டாகும் மெல்லிய ஓட்டம் ஒன்று: மிதப்பவை அனைத்தும் இடமிருந்து வலமாக வினாடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் நகரும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

நேர வரிசை. 0 முதல் 3 வினாடி வரை ஃபோகஸ் செல்லின் மேற்பரப்பில். ஒட்டிய பாக்டீரியாக்கள் கூர்மையாகவும் உட்கரு சற்று மங்கலாகவும் இருக்கும். 3-வது வினாடியில் வலது ஓரத்தின் நடுவிலிருந்து சற்றே வளைந்த ஒரு கோல் பாக்டீரியா நுழைகிறது. வேகம் வினாடிக்கு 10 மைக்ரோமீட்டர் மட்டுமே, திரையில் 160 பிக்சல். மீன் மாதிரி உடலை வளைத்து நீந்தக் கூடாது. உடல் விறைப்பாக, தன் அச்சில் லேசாக ஆடியபடி வரும். செல்லின் விளிம்பை நெருங்கியதும் 6-வது வினாடிக்குச் சற்றுப் பின் ஒரு கணம் தடுமாறி, தலை திரும்பி, கீழ்நோக்கிப் போய் 10-வது வினாடியளவில் கீழ் ஓரத்தில் மறையும். போகும் வழியில் ஒருமுறை ஃபோகஸை விட்டு விலகி மங்கிவிட்டுத் திரும்பி வரட்டும்.

இதற்கிடையே 5 முதல் 8 வினாடிக்குள் யாரோ நுண்சரிசெய் திருகைத் திருப்பியது போல ஃபோகஸ் தளம் 2 மைக்ரோமீட்டர் கீழே இறங்கும். ஒரே சீராக இறங்காமல் கொஞ்சம் இறங்கி, நின்று, ஒரு துளி மேலே வந்து, பிறகு உட்கருவில் நிலைக்கும். அப்போது உட்கருவின் விளிம்பு தெளிவாகும், மேலே ஒட்டியவை வளையங்களாக மங்கும். பெரிதாக்கம் மாறாது, இதை ஸூமாகப் புரிந்துகொள்ளாதே. 8 முதல் 12 வரை அதே தளம், எந்தப் புது நிகழ்வும் இல்லை. அந்த நான்கு வினாடியையும் நிரப்பப் பார்க்காதே, குரல் பதிவு அங்கேதான் வரும்.

பாக்டீரியா பிரிந்து இரண்டாகும் காட்சி வேண்டாம். இது நிகழ்நேரப் பதிவு. வேகமான வளர்ச்சிச் சூழலில்கூட ஒரு பிரிவுக்கு 20 நிமிடமளவு ஆகும், 12 வினாடியில் நடந்தால் அபத்தம். புதிய செல்கள் முளைக்கவோ இருப்பவை உருமாறவோ கூடாது. தொடக்கத்தில் ஒட்டியிருந்த பாக்டீரியாக்கள் கடைசி ஃபிரேமிலும் அதே எண்ணிக்கையில், அதே இடத்தில் இருக்க வேண்டும்.

திரையில் எழுத்து, எண், அம்புக்குறி, வட்டமான கறுப்புச் சட்டகம் எதுவும் வேண்டாம். 20 மைக்ரோமீட்டர் அளவுக்கோட்டை எடிட்டிங்கில் நான் போட்டுக்கொள்கிறேன். அதற்காகக் கீழ் இடது மூலையில் 320 பிக்சல் அகலத்துக்கு வெறும் பின்னணியை விட்டுவை. இசையும் ஒலியும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தர முடியாமல் போனால் நீந்தும் கோல் பாக்டீரியாவை விட்டுவிடு. அளவு விகிதமும் நிலையான கேமராவும் மாறவே கூடாது.