ஆரணி நெல் கிடங்கு ஷெட்: விலைப்புள்ளி எண் 47, திருத்தம் 2 (23.03.2026 மாலை 6 மணி வரை செல்லும்)

பொருள்: ஆரணி ரைஸ் மில் கிடங்கு ஷெட், 40 அடிக்கு 60 அடி. வரி உட்பட மொத்தம் ரூ.9,62,880

தேதி: 09.03.2026, திங்கள்
அனுப்புவது: ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப், வேலூர்
பெறுவது: மில் பங்குதாரர் ஐயா அவர்கள்; நகல்: மில் கணக்குப் பிள்ளை

வணக்கம் ஐயா,

சனிக்கிழமை போனில் நீங்கள் கேட்டவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்றீர்கள். உங்கள் தம்பி, ஆடிட்டர், இடத்தில் நிற்கப் போகும் கொத்தனார் என யார் படித்தாலும் ஒரே அர்த்தம் வரும்படி விலைப்புள்ளி முழுவதையும் புதிதாக எழுதியிருக்கிறேன்.

03.03.2026 அன்று அனுப்பியதில் இருந்தது இவ்வளவுதான்: “ஷெட் வேலை மெட்டீரியலுடன் சதுர அடி 340, ஜிஎஸ்டி தனி, அட்வான்ஸ் போக மீதி வேலை முடிந்ததும், விலை 15 நாள்.” அந்த வரிகள் இனிமேல் செல்லாது. நாம் போனில் பேசியதில் இந்தக் கடிதத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் அதுவும் செல்லாது. இந்தக் கடிதமும், இதனுடன் இணைத்துள்ள 05.03.2026 தேதியிட்ட வரைபடமும் மட்டுமே கணக்கு.

விலை

வேலையின் விலை ரூ.8,16,000.
சிஜிஎஸ்டி 9 சதவீதம் ரூ.73,440.
எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் ரூ.73,440.
நீங்கள் கொடுக்க வேண்டிய மொத்தம் ரூ.9,62,880 (ஒன்பது லட்சத்து அறுபத்து இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்).

இது முழு வேலைக்கும் சேர்த்துப் பேசிய ஒரே தொகை. சதுர அடிக் கணக்கை இதிலிருந்து எடுத்துவிட்டேன், காரணம் இருக்கிறது. உங்கள் தரை அளவு தூண் நடுவிலிருந்து தூண் நடு வரை 40 × 60, அதாவது 2,400 சதுர அடி. மேலே போடும் ஷீட் அப்படி இருக்காது. கூரை நடுவில் 4 அடி உயர்ந்து இரு பக்கமும் சரிகிறது. பக்கவாட்டில் 2 அடியும், முன்னும் பின்னும் ஓரடியும் வெளியே நீள்கிறது. எல்லாம் சேர்த்தால் ஷீட் பரப்பு சுமார் 2,782 சதுர அடி. 340 ரூபாயைத் தரைக்குப் பெருக்கினால் ரூ.8,16,000. ஷீட்டுக்குப் பெருக்கினால் ரூ.9,45,880. வரிக்கு முன்பே ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஷெட் வேலையில் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. நான் கொடுத்திருக்கும் விலை தரைக் கணக்கில் வந்தது. வேலை முடிந்த பிறகு டேப் பிடித்து அளந்து பில் போடும் பேச்சே கிடையாது.

நீங்கள் சம்மதம் சொல்லி, முதல் தவணையும் வந்துவிட்டால், அதற்குப் பிறகு இரும்பு விலை ஏறினாலும் ரூ.8,16,000 மாறாது. இறங்கினாலும் மாறாது. ஜிஎஸ்டி விகிதத்தை அரசு மாற்றினால் மட்டும், பில் போடும் நாளில் உள்ள விகிதப்படி வரித் தொகை மாறும்.

இன்னொன்றை ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். தரையோடு பிணைத்து நிறுத்தும் ஷெட் என்பதால் இதை ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டாகத்தான் பில் போடுகிறோம். இப்படிப்பட்ட கட்டுமானத்துக்கு இன்புட் கிரெடிட் எடுக்க ஜிஎஸ்டி சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. வரி ரூ.1,46,880 திரும்பி வந்துவிடும் என்று வைத்து பட்ஜெட் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த விலையில் என்னென்ன அடங்கும்

மொத்தம் 12 தூண்கள், பக்கத்துக்கு 6, ஒன்றுக்கொன்று 12 அடி இடைவெளி. பிளின்த் மட்டத்திலிருந்து ஓரத்தில் 16 அடி, நடு ரிட்ஜில் 20 அடி உயரம். தூண்கள் 150 × 150 × 5 மிமீ சதுர பைப், ஐ.எஸ். 4923 தரம். டிரஸ், பர்லின் அளவுகள் வரைபடத்தில் எழுதியிருக்கின்றன. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் காற்றழுத்தத்தை ஐ.எஸ். 875 பாகம் 3 படி பார்த்துக் கையெழுத்திட்ட வரைபடம் அது. அவருடைய கட்டணமும் விலைக்குள்ளேயே இருக்கிறது.

கூரை ஷீட் கலர் கோட்டிங் போட்ட கால்வலூம், 0.50 மிமீ. இந்த எண் பூச்சும் பெயின்ட்டும் சேர்த்த மொத்தக் கனம். உள்ளே இருக்கும் வெறும் தகட்டின் கனம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சந்தையில் சிலர் தகட்டுக் கனத்தைச் சொல்கிறார்கள், சிலர் மொத்தக் கனத்தை. நீங்கள் வேறு இடத்தில் விலை கேட்டிருந்தால், அவர்கள் சொல்வது எந்தக் கனம் என்று கேட்ட பிறகே எங்கள் விலையோடு ஒப்பிடுங்கள். ஷீட் வந்து இறங்கும்போது மைக்ரோமீட்டர் கொண்டு வருகிறோம், உங்கள் ஆள் முன்னிலையில் அளந்து காட்டுகிறோம். வெளிச்சத்துக்கு 6 பாலிகார்பனேட் ஷீட், காற்றுக்கு 4 டர்போ வென்டிலேட்டர்.

இரு பக்கமும் முழு நீளத்துக்கு கட்டர், பக்கத்துக்கு மூன்று 4 இன்ச் பிவிசி இறக்கு குழாய். மழைநீர் இறங்கி எங்கே போக வேண்டும் என்பது உங்கள் வடிகால் வேலை. குழாய் தரையைத் தொடும் இடத்தோடு எங்கள் பொறுப்பு முடிகிறது.

பெயின்ட் இரும்புக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். வேலூரிலிருந்து ஆரணிக்கு லாரி வாடகை, இறக்குகூலி, கிரேன், வேலையாட்களின் தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் எங்களுடையது. நெல் ஏற்றி இறக்கும் நேரத்தில் கிரேனை உள்ளே கொண்டுவர மாட்டோம். எந்த நேரம் தோது என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் போதும்.

எது அடங்காது

அஸ்திவாரக் குழி தோண்டுவது, கம்பி கட்டுவது, கான்கிரீட் ஆகியவை உங்கள் கொத்தனார் வேலை. ஆங்கர் போல்ட்டையும், அதை நிறுத்த டெம்ப்ளேட்டையும் நாங்கள் தருகிறோம். கான்கிரீட் ஊற்றும் நாளில் எங்கள் ஆள் ஒருவர் கூடவே நின்று மட்டம் பார்ப்பார், அதற்குத் தனிக் கூலி இல்லை. அவர் வருவதற்கு முன்பே கான்கிரீட் போட்டு, போல்ட் இடம் மாறிவிட்டால், பேஸ் பிளேட்டை மாற்றும் செலவு தனியாக வரும்.

தரை, பிளின்த் சுவர், பக்கத்து மறைப்பு ஷீட், ரோலிங் ஷட்டர், மின் வேலை, இடி தாங்கி, கட்டட அனுமதி ஆகிய எதுவும் இந்த விலையில் இல்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிப்பதும் இல்லை. அதை உடைத்தால் எழும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால், முறையாகப் பிரிக்கத் தெரிந்தவர்களிடம் மட்டுமே கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆட்கள் வரும்போது இடம் காலியாக இருக்க வேண்டும். வெல்டிங்குக்கு மூன்று ஃபேஸ் கரன்ட் உங்கள் மில்லிலிருந்து தர வேண்டும், அதற்கு நாங்கள் பணம் தர மாட்டோம்.

இந்த இரண்டு தலைப்பிலும் வராத ஒரு வேலை நடுவில் முளைத்தால், அளவையும் விலையையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவேன். நீங்கள் “சரி” என்று பதில் போட்ட பிறகே கை வைப்போம். வாய்ச் சொல்லில் செய்த வேலைக்குப் பில் வராது.

ஷெட்டை இன்னும் 12 அடி நீட்டினால் எவ்வளவு என்று உங்கள் தம்பி கேட்டார். ஒரு பே கூடுதலாகப் போட ரூ.1,51,000, ஜிஎஸ்டி ரூ.27,180, ஆக ரூ.1,78,180. மேலே சொன்ன மொத்தத்தில் இது சேரவில்லை. இதே கெடுவுக்குள் சொன்னால்தான் இந்த விலை, ஏனென்றால் லாரியும் கிரேனும் ஒரே நடையில் வந்துவிடும்.

செல்லுபடி

23.03.2026 திங்கள் மாலை 6 மணிக்குள் உங்கள் சம்மதம் இதே மின்னஞ்சலுக்குப் பதிலாக வர வேண்டும். முதல் தவணை 25.03.2026 புதனுக்குள் வங்கியில் ஏற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இந்த விலை முடிந்துவிடும், அன்றைய இரும்பு விலைக்குப் புதிதாகத் தருவேன்.

பணம்

சதவீதத்தில் எழுதினால் வரிக்கு முன்னா, வரிக்குப் பின்னா என்ற கேள்வி வரும். அதனால் வரி சேர்த்த ரூபாயாகவே எழுதுகிறேன்.

முதல் தவணை ரூ.3,85,152. சம்மதத்தோடு, 25.03.2026க்குள்.
இரண்டாம் தவணை ரூ.3,37,008. தூணும் டிரஸும் ஆரணியில் இறங்கி, நீங்கள் எண்ணிப் பார்த்த நாளிலிருந்து 3 நாளுக்குள். இது வந்த பிறகுதான் நிறுத்தும் வேலை தொடங்கும்.
மூன்றாம் தவணை ரூ.1,92,576. கூரை ஷீட்டும் கட்டரும் முடிந்த நாளிலிருந்து 7 நாளுக்குள்.
கடைசித் தவணை ரூ.48,144. ஷீட்டும் கட்டரும் முடிந்த அதே நாளிலிருந்து 30 நாள் கழித்து. இந்த 30 நாளுக்குள் ஒழுகல் தெரிந்தால், சரி செய்த பிறகு கொடுத்தால் போதும்.

“வேலை முடிந்தது” என்பதற்கு அர்த்தம் இதுதான்: கூரை முழுவதும் தண்ணீர் அடித்துப் பார்த்து, நீங்களோ உங்கள் தம்பியோ ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் நாள். நாங்கள் அழைத்து 3 நாளுக்குள் பார்க்க வராவிட்டால், அழைத்த நாளையே முடிந்த நாளாக எடுத்துக்கொள்வோம்.

உங்கள் மில் பார்ட்னர்ஷிப் என்பதால் டிடிஎஸ் பிடிப்பீர்கள். எங்களுடையது தனியுரிமைக் கடை, விகிதம் 1 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருக்கும், அதைத் தவிர்த்து வேலை விலைக்கு மட்டும் பிடித்தால் போதும். முதல் தவணையில் ரூ.3,26,400க்கு ரூ.3,264 பிடித்தால், வங்கியில் எங்களுக்கு ஏற வேண்டியது ரூ.3,81,888. நான்கு தவணையிலும் சேர்த்துப் பிடிப்பது ரூ.8,160. அதைப் பாக்கியாகக் கருத மாட்டோம்.

பணம் பில்லில் அச்சிட்டிருக்கும் கரன்ட் கணக்குக்கு மட்டும் போட வேண்டும். ரொக்கமாக யாரிடமும் தர வேண்டாம், எங்கள் மேஸ்திரியிடமும் கூடாது. கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சலோ மெசேஜோ வந்தால், என்னோடு போனில் பேசாமல் அனுப்பாதீர்கள். இப்படிப்பட்ட மோசடி இப்போது நிறைய நடக்கிறது.

எத்தனை நாள்

முதல் தவணை வந்த நாள், அஸ்திவாரம் தயார் என்று கொத்தனார் சொன்ன நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 35 நாள். ஞாயிறும் சேர்த்தே 35. கரன்ட் இல்லாமலோ, இடம் காலியாகாமலோ எங்கள் ஆட்கள் சும்மா நின்றால் அந்த நாட்கள் கூடும். எங்கள் தரப்பில் தாமதமானால் முழு வாரம் ஒன்றுக்கு ரூ.4,000 கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பிறகு 12 மாதம் வரை ஷீட் இணைப்பிலோ ஸ்க்ரூவிலோ ஒழுகினால் கூலியும் பொருளும் எங்களுடையது. ஷீட்டின் நிறத்துக்கும் துருவுக்கும் கம்பெனி தரும் வாரண்டித் தாள் உங்கள் பெயரில் வரும்.

சம்மதம் என்றால், கீழே உள்ள இரண்டு வரியை மட்டும் பதிலாக அனுப்பினால் போதும்:

“விலைப்புள்ளி எண் 47, திருத்தம் 2, தேதி 09.03.2026, வரி உட்பட ரூ.9,62,880க்கு ஒப்புக்கொள்கிறோம். கூடுதல் பே வேண்டாம்.”

கூடுதல் பே வேண்டும் என்றால் கடைசி வாக்கியத்துக்குப் பதிலாக “கூடுதல் பே வேண்டும், ஆக மொத்தம் ரூ.11,41,060” என்று எழுதுங்கள். அப்படியானால் தவணைத் தொகைகளும் நாட்களும் மாறும் என்பதால், புதிய தவணைப் பட்டியலை மறுநாளே அனுப்புகிறேன். அதைப் பார்த்த பிறகு பணம் போட்டால் போதும்.

எந்த வரியாவது இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தால், சம்மதம் அனுப்புவதற்கு முன்பே அந்த வரியைச் சுட்டிக் கேளுங்கள். மாற்றி எழுதி, திருத்தம் 3 என்று அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்
ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப், வேலூர்

இணைப்பு: வரைபடம், 05.03.2026, இரண்டு தாள்கள்