மூத்த கணக்காளர் பணி: தங்கள் விண்ணப்பம் கிடைத்தது, இனி வரும் கட்டங்களும் நாட்களும்

நாள்: 06.03.2026

பொருள்: மூத்த கணக்காளர் பணிக்கான விண்ணப்பம் பெறப்பட்டமை, எஞ்சியுள்ள தேர்வு நடைமுறை – தொடர்பாக.
பார்வை: தங்களது 04.03.2026 நாளிட்ட மின்னஞ்சல்.
விண்ணப்பப் பதிவு எண்: மூக/2026/47

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் கணக்குப் பிரிவில் நிரப்பப்படவுள்ள மூத்த கணக்காளர் பணிக்குத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் கடந்த புதன்கிழமை மாலை எங்களுக்கு வந்து சேர்ந்தது. விண்ணப்பக் கடிதம், தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ்கள் இரண்டு என ஐந்து இணைப்புகளும் மேற்கண்ட எண்ணில் பதிவு செய்யப்பட்டுள்ளன. இனி எங்களுக்கு எழுதும்போது அந்த எண்ணை மின்னஞ்சலின் பொருள் வரியில் குறிப்பிட்டால், தங்கள் கோப்பைத் தேடி எடுப்பது எங்களுக்கு எளிதாக இருக்கும்.

இணைப்புகளைத் திறந்து பார்த்ததில் ஒரு குறை தெரிந்தது. இரண்டாவது அனுபவச் சான்றிதழின் முதல் பக்கம் மட்டுமே ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறது. பணியில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் அதில் தெளிவாக உள்ளன, ஆனால் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டிய பின்பக்கம் வரவில்லை. அந்தப் பக்கத்தை, விண்ணப்பிப்பதற்கான கடைசி நாளாகிய மார்ச் 13, வெள்ளிக்கிழமைக்குள், இதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மற்ற இணைப்புகள் எவற்றையும் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. புகைப்படம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டையின் நகல் ஆகியவை இந்தக் கட்டத்தில் எங்களுக்குத் தேவையில்லை. கேட்காத ஆவணங்களைப் பெற்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கமும் அன்று.

கடைசி நாள் முடியும்வரை எந்த விண்ணப்பத்தையும் பரிசீலனைக்கு எடுப்பதில்லை என்பதால், அடுத்த ஒரு வாரத்துக்கு எங்களிடமிருந்து தகவல் ஏதும் வராது. அதைக் கண்டு விண்ணப்பம் ஒதுக்கப்பட்டுவிட்டதோ என்று எண்ண வேண்டாம். மார்ச் 16 முதல் 20 வரை, கணக்குப் பிரிவின் மேலாளரும் மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் எல்லா விண்ணப்பங்களையும் தனித்தனியே படித்து, ஒருவர் குறித்த முடிவை மற்றவர் பார்க்காமலேயே பட்டியல் தயாரிப்பார்கள். இருவர் பட்டியலிலும் உள்ளவர்கள் நேரடியாக அடுத்த கட்டத்துக்குச் செல்வார்கள். ஒருவர் பட்டியலில் மட்டும் இடம்பெற்றவர்களைப் பற்றி இருவரும் கலந்து பேசி முடிவெடுப்பார்கள். மாதக் கணக்கைத் தம் பொறுப்பில் முடித்த அனுபவம், சரக்கிருப்புக் கணக்கில் பழக்கம், வங்கிக் கணக்கைச் சரிபார்த்து ஒப்பிடும் திறன் ஆகிய மூன்றையுமே அவர்கள் முதன்மையாகப் பார்ப்பார்கள். பட்டத்தில் பெற்ற மதிப்பெண்ணுக்கு அதற்கடுத்த இடம்தான்.

தங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். முதலாவது, 2022-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் தாங்கள் பணியில் இல்லாதது இந்த விண்ணப்பத்தைப் பாதிக்குமா என்பது. பாதிக்காது. குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்டதாகத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் விளக்கமோ சான்றோ கேட்க மாட்டோம், நேர்காணலிலும் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்க மாட்டோம். அந்த இடைவெளிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கள் தொடர்ந்து மாதக் கணக்கு முடித்து வருகிறீர்கள் என்பதே இந்தப் பணிக்குப் பொருந்தும் செய்தி. இரண்டாவது கேள்வி, தற்போதைய வேலையிலிருந்து விலகத் தாங்கள் 45 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருப்பது பற்றியது. அதற்கான விடை கீழே, பணியில் சேரும் நாளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது.

முதற்கட்டப் பரிசீலனையின் முடிவு மார்ச் 23, திங்கட்கிழமை மாலைக்குள் விண்ணப்பித்த அனைவருக்கும் மின்னஞ்சலில் தெரிவிக்கப்படும். தேர்வானவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களைக் காத்திருக்க வைப்பது முறையன்று என்று கருதுவதால், இல்லை என்றாலும் அதே நாளில் சொல்லிவிடுவோம். தங்கள் பெயர் பட்டியலில் இருந்தால், மார்ச் 24 முதல் 27 வரையிலான நான்கு நாட்களில் தங்களுக்கு வசதியான ஒரு நேரத்தில் தொலைபேசியில் சுமார் 20 நிமிடம் பேசுவோம். இது தேர்வு அன்று. பணியின் தன்மை, வேலை நேரம், விளம்பரத்தில் கண்ட சம்பள வரம்பு ஆகியவை இரு தரப்புக்கும் ஒத்துவருமா என்று பார்ப்பதற்கான உரையாடல் மட்டுமே. அலுவலகத்தில் இருந்துகொண்டு பேசுவது தங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம் என்பதால் காலை 8 மணிக்கோ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கவும் தயாராக இருக்கிறோம்.

அதன் பிறகு வருவது செய்முறைத் தேர்வு. எங்கள் முடிவு பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமையும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஏப்ரல் 4, சனிக்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் அலுவலகத்தில் நடைபெறும்; ஒன்றரை மணி நேரம். ஒரு மாதத்துக்குரிய ரொக்கப் புத்தகத்தின் வங்கிப் பத்தியும், அதே மாதத்துக்கான வங்கி அறிக்கையும், பில்களும் ரசீதுகளுமாக ஒரு சிறு கட்டும் கொடுக்கப்படும். இவை தேர்வுக்கென்றே தயாரிக்கப்பட்டவை. எந்த வாடிக்கையாளரின் உண்மையான கணக்கும் இவற்றில் இல்லை. புத்தகத்தின் இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் ஒத்துப்போகாது. நாம் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலை, போட்டும் கணக்கில் ஏறாத தொகை, வங்கி தானாகப் பிடித்துக்கொண்ட கட்டணம், இலக்கம் இடம் மாறி எழுதப்பட்ட பதிவு என்று வித்தியாசத்துக்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவற்றைக் கண்டுபிடித்து ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்பதும், புத்தகத்தில் செய்ய வேண்டிய திருத்தப் பதிவுகளை எழுதுவதுமே தேர்வு.

முழுத் தொகையும் ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் விலக்குவதில்லை. எந்த வித்தியாசம் எதனால் வந்தது, எதற்கு இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று தெளிவாக எழுதி வைத்திருப்பவரின் தாளுக்கே நாங்கள் கூடுதல் மதிப்பளிப்போம்; காரணம் தெரியாத ஒரு தொகையைத் தற்காலிகக் கணக்கில் தள்ளி இருபுறமும் சமமாக்கிவிடுவது எங்கள் அலுவலகத்தில் ஏற்கப்படுவதில்லை. கணிப்பான் கொண்டுவரலாம். கணினியில் செய்வதா தாளில் செய்வதா என்பது தங்கள் விருப்பம். பார்வைக் குறைபாடு முதலிய காரணங்களால் பெரிய எழுத்தோ கூடுதல் நேரமோ வேண்டியிருந்தால், தொலைபேசி உரையாடலின்போது சொன்னால் போதும். அதற்காக மருத்துவச் சான்று கேட்பதில்லை. சனிக்கிழமை வர இயலாதவர்களுக்கு ஏப்ரல் 6, திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு வேறொரு கட்டுடன் இதே தேர்வு நடத்தப்படும்.

தேர்வு முடிவு ஏப்ரல் 13-ஆம் நாளுக்குள் தெரிவிக்கப்படும். தேர்வில் தகுதி பெறுபவர்களில் நால்வருக்கு மிகாமல் நேர்காணலுக்கு அழைப்போம். நேர்காணல் ஏப்ரல் 20 முதல் 22 வரை, ஒருவருக்கு ஏறத்தாழ 45 நிமிடம். கணக்குப் பிரிவு மேலாளர், மனிதவளப் பிரிவில் ஒருவர், கிடங்குப் பொறுப்பாளர் ஆகிய மூவர் இருப்பார்கள். கணக்கர் நேர்காணலில் கிடங்குப் பொறுப்பாளருக்கு என்ன வேலை என்று தோன்றலாம்: சரக்கிருப்பு கணக்கில் ஒன்றும் கிடங்கில் வேறொன்றுமாக நிற்கும்போது மூத்த கணக்காளர் முதலில் போய் நிற்க வேண்டியது அவரிடம்தான். தங்கள் தேர்வுத் தாளையே முன்னால் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவோம். அசல் சான்றிதழ்களை அன்று கொண்டுவந்து காட்ட வேண்டும். பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம், எங்களிடம் வைத்துக்கொள்ள மாட்டோம்.

நேர்காணலுக்குப் பின், முன்னணியில் உள்ள ஓரிருவரின் பழைய மேலதிகாரிகளிடம் மட்டும் விசாரிப்போம். தங்கள் அனுமதியை எழுத்தில் பெறாமல் யாரிடமும் பேச மாட்டோம். குறிப்பாக, தாங்கள் இப்போது பணிபுரியும் இடத்துக்கு, பணி நியமனக் கடிதத்தைத் தாங்கள் ஏற்கும்வரை, எங்களிடமிருந்து எந்த அழைப்பும் போகாது. விண்ணப்பம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று தாங்கள் எழுதியிருந்ததை விண்ணப்பக் கோப்பின் முகப்பிலேயே குறித்து வைத்திருக்கிறோம்.

இறுதி முடிவு ஏப்ரல் 30, வியாழக்கிழமை தெரிவிக்கப்படும். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குச் சம்பளம், விடுப்பு, தகுதிகாண் காலம் ஆகியவை அடங்கிய நியமனக் கடிதம் மே 1-க்கும் 6-க்கும் இடையே அனுப்பப்படும். படித்து முடிவெடுக்க ஐந்து வேலை நாட்கள் தரப்படும். பணியில் சேர வேண்டிய கடைசி நாள் ஜூன் 29. தற்போதைய மூத்த கணக்காளர் ஜூலை இறுதியில் ஓய்வுபெறுகிறார். ஒரு மாதக் கணக்கையாவது புதியவர் அவருடன் அமர்ந்து முடிக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நாளைக் குறித்திருக்கிறோம். மே 13-ஆம் நாள் வரை தாங்கள் விலகல் கடிதம் கொடுத்தாலும், 45 நாள் முன்னறிவிப்பு அதற்குள் முடிந்துவிடும். ஆனால் கையொப்பமிட்ட நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். தொலைபேசியில் எங்களில் யார் எவ்வளவு நம்பிக்கையாகப் பேசினாலும் அது நியமனம் ஆகாது.

மேற்சொன்ன நாட்களில் ஏதேனும் மாறினால், அந்த நாள் வருவதற்கு முன்பே தெரிவிப்போம். குறித்த நாள் கடந்து இரண்டு வேலை நாட்கள் ஆகியும் தகவல் வராவிட்டால் தாங்கள் தயங்காமல் கேட்கலாம். அப்படிக் கேட்பதைத் தொந்தரவாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

எந்தக் கட்டத்திலும் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என்று எந்தப் பெயரிலும் பணம் கேட்க மாட்டோம். வங்கிக் கணக்கு விவரமும் பணியில் சேர்ந்த பிறகே பெறப்படும். எங்கள் பெயரைச் சொல்லி யாரேனும் அவ்வாறு கேட்டால், ஒன்றும் அனுப்பாமல், விளம்பரத்தில் கண்ட எண்ணில் எங்களை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கப்படாதவர்களின் விண்ணப்பங்கள் அக்டோபர் 31 வரை வைக்கப்பட்டு, பின்னர் அழிக்கப்படும். அதற்கு முன்பே அழித்துவிட வேண்டும் என்று தாங்கள் விரும்பினால் ஒரு வரி எழுதினால் போதும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற நினைத்தாலும் அவ்வாறே.

சான்றிதழின் விடுபட்ட பக்கத்தை அனுப்பும்போது, தொலைபேசி உரையாடலுக்குத் தங்களுக்குப் பொதுவாக எந்த நேரம் ஒத்துவரும் என்பதையும் சேர்த்துத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

பணியமர்த்தல் அலுவலர்
மனிதவளப் பிரிவு