மர வரைபடம்: எடுத்ததைத் திரும்பப் போடாதபோது (படிவம் 4, சனிக்கிழமை டியூஷன்)

தோட்டத்து முச்சந்திக் கடையில் வாங்கிய பையில் 8 கறிபாப்: 5 உருளைக்கிழங்கு (உ), 3 சார்டின் (சா). வெளியே எல்லாம் ஒரே மாதிரி. பார்க்காமல் ஒன்றை எடுத்துச் சாப்பிடுகிறாய், அப்புறம் இன்னொன்று.

முதல் கிளை: உ 5/8, சா 3/8.

இரண்டாம் கிளையில்தான் பாதிப் பேர் மறுபடியும் 8 என்று எழுதுகிறீர்கள். சாப்பிட்டது எப்படிப் பைக்குள் திரும்பி வரும்? இப்போது இருப்பது 7. அதனால் கீழ் எண் மாறும். மேல் எண்ணோ, எதைச் சாப்பிட்டாய் என்பதைப் பொறுத்தது. உ போயிருந்தால் உ 4, சா 3. சா போயிருந்தால் உ 5, சா 2.

```
உ 5/8 ── உ 4/7 → 20/56
      └─ சா 3/7 → 15/56
சா 3/8 ── உ 5/7 → 15/56
       └─ சா 2/7 → 6/56
```

கிளை வழியே போகும்போது பெருக்கு. வேறு வேறு வழிகளைச் சேர்க்கும்போது கூட்டு. ஒரே புள்ளியிலிருந்து பிரியும் கிளைகளின் கூட்டுத்தொகை 1 வர வேண்டும். 4/7 + 3/7 சரி. 4/7 + 3/8 என்று எழுதியிருந்தால் அங்கேயே அழித்துவிடு.

இரண்டும் வேறு வகை: 15/56 + 15/56 = 15/28.

1. குறைந்தது ஒரு சார்டினாவது கிடைக்க நிகழ்தகவு என்ன? (மூன்று வழிகளைக் கூட்டாதே, 1-இலிருந்து ஒரே ஒரு வழியைக் கழி.)

2. டப்பாவில் 10 டார்ச் பேட்டரி, 4 செத்தவை. இரண்டை எடுத்து டார்ச்சில் போடுகிறார் தாத்தா. இரண்டும் நல்லவையாக இருக்க நிகழ்தகவு என்ன? படம் வரைந்து காட்டு.

விடை: 9/14, 1/3