பிடித்தம் போக

சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் கல்லாவைத் திறந்து, நீளமான கணக்கு நோட்டைப் பிரித்து, ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். செல்வத்தின் முறை கடைசியில்தான் வரும். அவன் கைவேலைக்காரன். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, பேண்ட்டுக்குக் கால் மடிப்பது, ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் செய்து கொக்கி வைப்பது எல்லாம் அவன் வேலை. மிஷினில் உட்கார இன்னும் நாள் ஆகவில்லை.

அந்த வாரம் அவனுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக்குக் காஜா பட்டன் சேர்த்து 12 ரூபாய், 60 சட்டை. பேண்ட் மடிப்பு 15 ரூபாய், 40 பேண்ட். ஜாக்கெட் 20 ரூபாய், 18 ஜாக்கெட். ஆக 1,680. வேலைக்குச் சேரும்போது வாங்கிய 3,000 ரூபாய் அட்வான்ஸுக்கு வாரம் 300 பிடிப்பார்கள். நடுவில் 200 பற்று வாங்கியிருக்கிறான். மிச்சம் 1,180. அதில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றிவிடலாம்.

மாஸ்டர் எண்ணிக் கொடுத்தது 660.

"சரியா இருக்கா தம்பி?"

"சரி மாஸ்டர்" என்றான். நோட்டும் அவருடையது, கடையும் அவருடையது. வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

கூலி வாங்கும் இடத்தில் நிறைய பேருக்கு வாயில் வரும் முதல் சொல் இந்த 'சரி'தான். சந்தேகம் பின்னால், தெருவில் நடக்கும்போதுதான் வரும்.

மரகதம் அக்கா வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார். பல வருஷமாக அதே கடையில் சட்டை தைப்பவர். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு குறையுது?" என்று கேட்டார்.

"520 ரூபாய்க்கா."

"எதுக்குப் பிடிச்சாருன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அக்கா திரும்ப உள்ளே போய், "மாஸ்டர், தம்பி பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். சண்டைக்குப் போகிற குரல் இல்லை. அளவு நோட்டைக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். மாஸ்டரும் நோட்டைத் திருப்பி வைத்தார்.

சட்டை 50 என்றிருந்தது.

"அறுபது முடிச்சேன் அக்கா. நேத்து ராத்திரி கடைசி பத்தை மடிச்சு வச்சுட்டுத்தான் போனேன்."

"அந்தப் பத்தும் இன்னும் அயர்னுக்குப் போகலை" என்றார் மாஸ்டர். "டெலிவரிக்குத் தயாரானதைத்தான் நான் கணக்குல ஏத்துவேன். அடுத்த வாரத்துல வரும்."

தைத்து முடித்த நாள் ஒன்று, கணக்கில் ஏறுகிற நாள் வேறொன்று என்பது செல்வத்துக்கு அன்றுதான் தெரிந்தது. 120 ரூபாய் எங்கேயும் போகவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. ஆனால் அடுத்த சனிக்கிழமை அது வந்ததா என்று பார்க்க அந்தப் பத்துச் சட்டை அவன் நினைவில் இருக்க வேண்டுமே.

நூல், ஊசி 60. அதைப் பற்றி மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இவன் காதில் விழுந்தது ரேட் மட்டும்தான். அக்கா அதில் வாதாடவில்லை. "118 உருப்படிக்கு 60 ரூபாய். ஒண்ணுக்கு சுமாரா அரை ரூபாய் போகுது. 12ன்னா கைக்கு 12 இல்லை, அதை மனசுல வச்சுக்க" என்றார்.

பற்று 300 என்று இருந்தது. செவ்வாய் 150, வியாழன் 50, வெள்ளி 100.

"வெள்ளிக்கிழமை நான் வாங்கலையே மாஸ்டர். ஜிப் தீர்ந்துபோச்சுன்னு நீங்கதான் 100 கொடுத்து வாங்கிட்டு வரச் சொன்னீங்க. சில்லறைகூட மேஜையில வச்சேன்."

மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்தார். கல்லாவிலிருந்து யாருக்குக் காசு கொடுத்தாலும் வாங்கியவர் பெயரையும் தொகையையும் மட்டும் ஒரு சீட்டில் எழுதுவார், ராத்திரி சீட்டைப் பார்த்து நோட்டில் ஏற்றுவார். எதற்குக் கொடுத்தது என்று சீட்டில் இருக்காது. "ஆமா, ஜிப்பு" என்று அந்த வரியை அடித்தார். ஏமாற்ற வேண்டும் என்று செய்ததில்லை. ஆனால் கேட்காமல் போயிருந்தால் அந்த நூறு போனதுதான்.

கடைசியாகச் சேதம் 240.

அது செல்வத்துக்கு நன்றாகவே நினைவிருந்தது. கஃப் ஓரத்தில் பிசிறு நூலை வெட்டும்போது கத்தரி முனை துணியில் ஏறி, சட்டைக் கையில் ஒரு விரற்கடை அளவுக்குக் கிழிந்துவிட்டது. அந்தப் பிடித்தத்தை மட்டும் அவன் கேட்காமலே ஒப்புக்கொண்டிருந்தான். தப்பு தன்னுடையது, பணம் போகத்தானே வேண்டும்?

"240 எப்படி மாஸ்டர்?" என்றார் அக்கா.

"சட்டைத் துணி விலையில பாதி."

"துணி வாங்கலையே. மிச்சத் துணியில நீங்களே வேற கை வெட்டினீங்க. நான்தான் மாத்தி வச்சேன். அதுக்கு எனக்கு 40 ரூபாய் கொடுத்தீங்க. வாடிக்கையாளர் முழுக் காசு கொடுத்துட்டுச் சட்டையை வாங்கிட்டுப் போயாச்சு."

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கவனம் வரட்டும்னுதான் போட்டேன்."

"கவனம் வரணும்னா திட்டுங்க. கணக்குல செலவானதை மட்டும் போடுங்க."

240 என்பதை அடித்து 40 என்று எழுதினார். இந்த 200, ஜிப்பின் 100. முந்நூறு ரூபாயை எண்ணி வைத்தார். கையில் 960. வராத 220 எதெது என்று இப்போது செல்வத்தால் சொல்ல முடிந்தது: அடுத்த வாரத்துக்குப் போன 120, நூலுக்கு 60, கை மாற்றிய கூலி 40.

அவன் கிளம்பப் பார்த்தான். அக்கா விடவில்லை.

"அட்வான்ஸ் பாக்கி எவ்வளவு?"

இது மூன்றாவது தவணை. 2,100 என்று அவன் மனதில் இருந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் 'அட்வான்ஸ் 3,000' என்று மட்டும் இருந்தது. பிடித்த தவணைகள் அந்தந்த வாரத்துப் பக்கங்களில் சிதறிக் கிடந்தன. எங்கேயும் கழித்து எழுதவில்லை. பாக்கியை எழுதாத அட்வான்ஸ் ஆளைக் கட்டிப்போட்டுவிடும். வேறு கடையில் நல்ல ரேட் கிடைத்தாலும் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும், எவ்வளவு தீர்க்க வேண்டும் என்று நோட்டு வைத்திருப்பவர் சொல்வதுதான் கணக்கு. அக்காவுக்கு முன்பு ஒரு கடையில் அப்படி நடந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார்.

மாஸ்டர் மூன்று தவணையையும் முதல் பக்கத்திலேயே கழித்து, 'பாக்கி 2,100' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செல்வத்துக்குத் துணிச்சல் வந்தது. "மாஸ்டர், வேலை கம்மியா வர்ற வாரம் 600, 700தான் தேறும். அதுலயும் 300 பிடிச்சா வீட்டுக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஆயிரத்துக்குக் கீழே வந்தா 150 மட்டும் பிடிக்கிறீங்களா?"

"தீர நாளாகுமே."

"ஆகட்டும் மாஸ்டர். தீர்த்துடுவேன்."

யோசித்து, அதையும் எழுதினார்.

திங்கட்கிழமை செல்வம் சட்டைப் பையில் மடங்குகிற அளவில் ஒரு நோட்டு கொண்டுவந்தான். பில் நம்பர், என்ன வேலை, முடித்த தேதி, கணக்கில் ஏறிய தேதி. பின்பக்கத்திலிருந்து பற்று, எதற்கு வாங்கியது என்பதோடு. முதல் வரியாகப் போன வாரத்துப் பத்துச் சட்டையை எழுதினான். சனிக்கிழமை இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மாஸ்டர் ஒரு பேண்ட்டை விட்டிருந்தார். செல்வம் ஒரு ஜாக்கெட்டை இரண்டு தடவை எழுதியிருந்தான். இரண்டையும் திருத்தினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மாஸ்டர் வெட்டிய சட்டைக் கட்டு ஒன்றை அவன் முன்னால் வைத்தார். "இன்னையிலிருந்து மிஷின்ல உட்காரு. காலர் மட்டும் அக்காகிட்ட காட்டிட்டு வை."

இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். செல்வம் கட்டைப் பிரிக்கவில்லை. நோட்டை எடுத்தான்.

"சட்டைக்கு என்ன ரேட் மாஸ்டர்? காஜா பட்டன் அதுக்குள்ளயா, தனியா? நூல் யாருது? பிரிச்சுத் தைக்கச் சொன்னா கூலி உண்டா?"

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுதிக்க" என்றார்.