பொருள்: மண்டபத்துக்கான 600 பெட்ஷீட் – நூல் தட்டுப்பாட்டால் தாமதம்

சென்னிமலை
9.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். செப்டம்பர் 25-ஆம் தேதி காங்கயம் மண்டபத்துக்கு வந்து சேரவேண்டிய 600 பெட்ஷீட்டில் 210 மட்டுமே நெய்து முடிந்திருக்கிறது. மீதி 390 அந்தத் தேதிக்குத் தயாராகாது. ஐப்பசி முகூர்த்தங்களுக்கு நீங்கள் அறைகளைத் தயார் செய்யவேண்டும் என்பதால், கடைசி நேரம் வரை இழுக்காமல் இப்போதே எழுதுகிறேன்.

நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் குறையில்லை. உங்களுக்கான மெரூன் பாவு முழுவதும் ஒரே ஈட்டில் சாயம் போட்டுத் தறி ஏறிவிட்டது. தட்டுப்பாடு குறுக்கே ஓடும் ஊடைக்குப் போடும் 10-ஆம் நம்பர் ஓ.இ. நூலில். அது பெரிய நூற்பாலைகளின் கழிவுப் பஞ்சில் நூற்கும் நூல். அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீத வரி போட்டதிலிருந்து பனியன் ஆர்டர்கள் தயங்கி நிற்கின்றன, நூற்பாலைகள் ஓட்டத்தைக் குறைத்ததால் கழிவுப் பஞ்சும் குறைந்துவிட்டது என்கிறார் எங்களுக்கு நூல் கொடுக்கும் மில்காரர். ஆறு மூட்டை கேட்டேன், இரண்டு வந்தது. பருத்தி இறக்குமதி வரியை டிசம்பர் 31 வரை நீக்கியிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அந்தப் பஞ்சு கப்பலில் வந்து, நூலாகி, அதன் கழிவு எங்கள் பக்கம் வரவேண்டும். அதை நம்பி உங்களுக்குத் தேதி சொல்ல முடியாது.

சந்தையில் வேறு நூல் கிடைக்காமல் இல்லை. பனியன் வெட்டுத்துணியை அரைத்து நூற்றது வேண்டிய அளவு இருக்கிறது. அதில் ஒரு பெட்ஷீட் நெய்து, இரண்டு முறை துவைத்துக் காயவைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். கையெல்லாம் பஞ்சு ஒட்டியது, ஓரத்தில் பிடித்து இழுத்தபோது ஊடை இழை நகர்ந்து இடைவெளி விட்டது. மண்டபத்துச் சலவை உங்களுக்குத் தெரியாததல்ல. விலை குறைவென்றாலும் அதை உங்கள் சரக்கில் கலக்கமாட்டேன்.

இனி என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன்.

நெய்து முடிந்த 210 பெட்ஷீட்டையும் ஓரம் தைத்து, மடித்து, வரும் சனிக்கிழமை 13-ஆம் தேதி அனுப்பிவிடுகிறேன். கீழ்க்கண்டவற்றில் நீங்கள் எதைத் தேர்ந்தாலும் இது நடக்கும்.

மீதி 390-க்கு, அதே பருத்தி நூல்தான் வேண்டுமென்றால் அக்டோபர் 31 வரை பொறுக்கவேண்டும். மில்காரர் வாரம் ஒரு மூட்டை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்குத் தறிக்காரர்கள் ஊருக்குப் போகும் நாட்களையும் கழித்துத்தான் இந்தத் தேதி. பேசிய 310 ரூபாயே விலை, நூல் ஏறினாலும் அது என் பொறுப்பு. வண்டிக்கூலியும் என்னுடையது.

அவ்வளவு நாள் ஆகாது என்றால், இதே மெரூன் பாவில் பாலிஸ்டர் கலந்த ஊடையைப் போட்டு செப்டம்பர் 30-க்குள் தருகிறேன். ஒன்று 275 ரூபாய். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, சீக்கிரம் காயும், சாயமும் நிற்கும். ஆனால் வியர்வையை இழுக்காது, ஏ.சி. அறைக்குப் பரவாயில்லை, சாதா அறையில் படுப்பவர்கள் புழுக்கம் என்பார்கள்.

இவை இல்லாமல், நீலக் கட்டம் போட்ட 60-க்கு 90 அங்குலப் பருத்தி பெட்ஷீட் 150 என் கிடங்கில் இருக்கிறது. ஓரத்தில் மண்டபத்தின் பெயர் இருக்காது. ஒன்று 290 ரூபாய், கேட்ட மறுநாளே வரும்.

என்னைக் கேட்டால், மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் தங்கும் அறைகளுக்கு 210 மெரூனை விரித்துவிட்டு, பந்தி ஆட்களும் மேளக்காரர்களும் படுக்கும் கூடத்துக்கு நீலக் கட்டத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவை 390-இல் கழித்து, மீதியைப் பருத்தியிலேயே அக்டோபர் 31-க்குத் தருகிறேன். முதல் முகூர்த்தத்துக்கு அறைகள் காலியாக இருக்காது, கார்த்திகைக்கு முழு சரக்கும் கையில் இருக்கும். எத்தனை பேருக்குப் படுக்கை வேண்டும் என்ற கணக்கு உங்களிடம் இருப்பதால் முடிவு உங்களுடையது.

மீதியே வேண்டாம் என்று நினைத்தால் அதிலும் எனக்கு வருத்தமில்லை. 210-க்கு 65,100 ரூபாய், முன்பணம் 60,000 போக 5,100 மட்டும் கொடுத்தால் கணக்கு முடிந்தது.

பருத்தி ஊடையில் ஒன்று, பாலிஸ்டர் கலந்ததில் ஒன்று, நீலக் கட்டத்தில் ஒன்று என மூன்று மாதிரிகளை இந்தக் கடிதத்தோடு பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வீட்டில் அக்காவிடமும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் கிடைத்தால் சனிக்கிழமை வண்டியிலேயே நீலக் கட்டத்தையும் ஏற்றிவிடுவேன். பாலிஸ்டர் ஊடை என்றால் திங்கட்கிழமை தறியில் மாற்றிவிடலாம்.

தங்கள் அன்புள்ள,
தறிப்பட்டறை உரிமையாளர்