கிரைண்டர், மிக்சி: திருப்பி அனுப்புதலும் வாரண்டியும்

பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம். காரணம் கேட்க மாட்டோம். ஆனால் அதில் எதையும் அரைத்திருக்கக் கூடாது. பெட்டியும் உதிரிகளும் முழுதாக இருக்க வேண்டும். கூரியர் செலவு உங்களுடையது.

உடைந்தோ மாறியோ வந்தால் 48 மணி நேரத்துக்குள் படம் எடுத்து அனுப்புங்கள். அப்போது கூரியர் செலவு எங்களுடையது. அரைத்துப் பார்த்திருந்தாலும் ஏற்றுக்கொள்வோம். பொருள் எங்களிடம் வந்த 7 நாட்களில் முழுப் பணமும் திரும்பும்.

மோட்டாருக்கு, வாங்கிய தேதியிலிருந்து 2 ஆண்டு வாரண்டி. பிளேடு, ரப்பர் வளையம், பெல்ட் தேய்ந்தால் வாரண்டி இல்லை. மோட்டாருக்குள் தண்ணீர் போனாலும், வெளியாட்கள் பிரித்திருந்தாலும் இல்லை. 15 நாட்களில் பழுது தீராவிட்டால் புதிய மோட்டார் தருவோம். பில் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், ஆர்டர் எண் போதும்.